மாதம் 2,40,000 சம்பாதிக்கும் ஆட்டோக்காரர்: வருமானத் தரவில் அவுட்லையர்களை என்ன செய்வது?

வீடு வீடாகப் போய் வருமானம் கேட்டு எழுதிய பட்டியல் ஒன்று முதல்முறையாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளில் மாதம் பதினைந்தாயிரம், இருபதாயிரம், முப்பதாயிரம் என்று இருக்கும். நடுவில் திடீரென்று ஒரு வீட்டில் 3,50,000 வரும், இன்னொன்றில் வெறும் 1,200 வரும். கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் இந்த மதிப்புகளுக்குத்தான் அவுட்லையர் என்று பெயர். இவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் நீக்குவதா, ஓர் உச்சவரம்பில் வெட்டுவதா, அப்படியே விட்டுவிடுவதா என்பதை ஒரே ஓர் உதாரணத்தை வைத்துக் கடைசிவரை செய்து பார்ப்போம்.

எனக்கு இந்தப் பாடம் சற்று அவமானத்தோடு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சென்னையில் எடுத்த ஒரு வீட்டுக் கணக்கெடுப்பில், சூத்திரம் காட்டிக்கொடுத்த வரிகளை எல்லாம் ஒரே சொடுக்கில் அழித்துவிட்டு "தரவைச் சுத்தம் செய்தாயிற்று" என்று அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்து களப்பணியிலிருந்த அக்கா போன் செய்து, "சோழிங்கநல்லூர் பக்கம் நாங்க ஏறி இறங்கின ஃபிளாட் ஒண்ணுகூட இதுல இல்லையே தம்பி, எங்க போச்சு?" என்று கேட்டார். நான் அழித்தது பிழைகளை இல்லை, ஓர் ஏரியாவை.

கீழே இருப்பவை பாடத்துக்காக நானே அமைத்த 26 வீடுகள். எண்கள்தான் கற்பனை. அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் தவறுகள் எல்லாம் வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்தவை. கடந்த மாதம் வீட்டுக்கு வந்த மொத்த வருமானம், ரூபாயில், சிறியதிலிருந்து பெரியதாக:

```
0, 1200, 9000, 11000, 12000, 14000, 15000, 16000,
18000, 18000, 20000, 22000, 24000, 25000, 26000,
28000, 30000, 35000, 40000, 48000, 60000, 99999,
110000, 180000, 240000, 350000
```

சூத்திரத்துக்கு முன்னால் கண்

எந்தக் கணக்கும் போடுவதற்கு முன் பட்டியலை இப்படி வரிசைப்படுத்தி ஒருமுறை மேலிருந்து கீழாகப் படியுங்கள். மூல எண்கள் இருக்கும் பத்தியைத் தொடவே தொடாதீர்கள். அதன் பக்கத்தில் இன்னொரு பத்தி உருவாக்கி, மாற்றங்களை எல்லாம் அங்கே செய்யுங்கள்.

இந்தப் பட்டியலில் கண் முதலில் நிற்க வேண்டிய இடம் 3,50,000 அல்ல, 99,999. யாருடைய வருமானமும் இப்படி ஒன்பது ஒன்பதாக அமையாது. படிவத்தின் பின்பக்கத்தில் உள்ள குறியீட்டு விளக்கத்தைப் பார்த்தால், "பதில் சொல்ல மறுத்தார்" என்பதற்கு 99999 என்று போடச் சொல்லியிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த எண்ணைப் பல சூத்திரங்கள் பிடிக்காது. ஏறத்தாழ ஒரு லட்சம் என்பது சென்னையில் நம்பக்கூடிய வருமானம்தான். அவுட்லையர் தேடும் கணக்கு "மிகப் பெரியது எது, மிகச் சிறியது எது" என்று மட்டுமே பார்க்கும், "பொய்யானது எது" என்று பார்க்காது. கூட்டத்துக்குள் கலந்து நிற்கும் பொய்யை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும். 99, 999, -1, 88888 போன்றவை படிவத்துக்குப் படிவம் மாறும் என்பதால், குறியீட்டுத் தாள் இல்லாமல் தரவைத் திறக்காதீர்கள்.

99,999ஐ வெற்றிடம் ஆக்குகிறோம். பூஜ்ஜியம் ஆக்கக் கூடாது. பூஜ்ஜியம் என்றால் "வருமானம் இல்லை", வெற்றிடம் என்றால் "தெரியாது". இப்போது பதில் உள்ள வீடுகள் 25. அவற்றின் சராசரி 54,088. சரியாக நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம், அதாவது இடைநிலை அளவு, 24,000. சராசரியைவிட அதிகம் வாங்குபவை 25இல் ஐந்தே வீடுகள். சராசரி மேல்பக்கமாக எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதற்கு இதுவே போதும்.

பாடப்புத்தக முறை எப்படிக் கவிழ்கிறது

கல்லூரியில் சொல்லித்தரும் முதல் முறை, சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு அப்பால் இருந்தால் அவுட்லையர் என்பது. எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம். செய்து பார்ப்போம். திட்ட விலக்கம் சுமார் 83,200. மூன்று மடங்கைச் சராசரியோடு கூட்டினால் எல்லை சுமார் 3,03,800. அதைத் தாண்டுவது 3,50,000 மட்டும். கொஞ்ச நேரத்தில் தெரியப்போகிறது, பட்டியலின் மேல்முனையில் உண்மையான எண்களில் அதுவும் ஒன்று. தப்பான 2,40,000 சத்தமில்லாமல் தப்பித்துவிட்டது.

காரணம் எளிது. எதைப் பிடிக்க நினைக்கிறோமோ அதே பெரிய எண்கள்தான் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் ஊதிவிடுகின்றன. திருடனே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை. நான்கைந்து பெரிய எண்கள் சேர்ந்துவிட்டால் ஒன்றின் நிழலில் இன்னொன்று மறைந்துகொள்ளும். வருமானத் தரவுக்கு இந்த முறை வேண்டாம்.

அடுத்தது கால்மான முறை. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி பிரபலப்படுத்தியது. வரிசையில் கால் பங்கு தூரத்தில் நிற்கும் மதிப்பு முதல் கால்மானம், முக்கால் பங்கில் நிற்பது மூன்றாம் கால்மானம். நம் 25 வீடுகளில் அவை ஏழாவது வீட்டின் 15,000, பத்தொன்பதாவது வீட்டின் 40,000. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி 25,000. அதில் ஒன்றரை மடங்கு 37,500. மேலே 40,000 + 37,500 = 77,500 ஒரு வேலி. கீழே 15,000 − 37,500 = −22,500 இன்னொரு வேலி.

ஓரத்தில் நிற்கும் எண் எவ்வளவு பெரிதானாலும் கால்மானம் அசையாது. அந்த வகையில் இது முந்தையதைவிட நல்ல முறை. மேல்வேலியைத் தாண்டி 1,10,000, 1,80,000, 2,40,000, 3,50,000 ஆகிய நான்கும் மாட்டுகின்றன. ஆனால் கீழ்வேலியைப் பாருங்கள், மைனஸ் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. எந்த வீட்டிலும் அப்படி ஒரு வருமானம் வராது. ஆக, மாதம் 1,200 ரூபாயில் ஒரு குடும்பம் நடக்கிறது என்ற சந்தேகமான பதில் இந்த வேலிக்குள் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது.

பெருக்கல் வேலி

வருமானம் கூட்டல் கணக்கில் பரவுவதில்லை, பெருக்கல் கணக்கில் பரவுகிறது. பத்தாயிரம் வாங்குபவருக்கு இன்னொரு பத்தாயிரம் கிடைத்தால் வாழ்க்கையே மாறும். இரண்டு லட்சம் வாங்குபவருக்கு அது ஒரு சம்பள உயர்வுக்குக்கூடப் போதாது. அதனால்தான் வருமானத்தை மடக்கை எடுத்துப் பார்ப்பது வழக்கம். வலப்பக்கம் நீண்டு கிடக்கும் வால் சுருங்கி, பட்டியல் ஓரளவு சமச்சீராகும். மடக்கை என்றதும் பயப்பட வேண்டாம். அதே வேலியைக் கழித்தல், கூட்டலுக்குப் பதிலாக வகுத்தல், பெருக்கலில் போட்டால் விடை அதுதான்.

மூன்றாம் கால்மானத்தை முதல் கால்மானத்தால் வகுங்கள்: 40,000 / 15,000 = 2.667. இதன் ஒன்றரை அடுக்கு வேண்டும். போன் கால்குலேட்டரில் 2.667இன் வர்க்கமூலத்தை 2.667ஆல் பெருக்கினால் 4.355 வரும். மேல்வேலி 40,000 × 4.355, அதாவது சுமார் 1,74,200. கீழ்வேலி 15,000 / 4.355, அதாவது சுமார் 3,440.

இப்போது மாட்டுபவை 0, 1,200, 1,80,000, 2,40,000, 3,50,000. முந்தைய வேலியில் சிக்கிய 1,10,000 தப்பித்துவிட்டது, கீழே ஒளிந்திருந்த இரண்டும் சிக்கிவிட்டன. இன்னொரு வசதியும் உண்டு. பூஜ்ஜியத்துக்கு மடக்கை கிடையாது என்பதால் பலர் எல்லா எண்ணோடும் 1 சேர்த்து மடக்கை எடுப்பார்கள். இங்கே கால்மானங்களை மட்டுமே தொடுவதால் அந்தத் தொல்லையே வராது. முதல் கால்மானமே பூஜ்ஜியமாக இருக்கும் தரவில் மட்டும் இது ஓடாது. நான்கில் ஒரு வீட்டுக்குமேல் வருமானமே இல்லை என்று பதில் வந்திருந்தால், வேலியைவிட முதலில் கேள்வித்தாளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பாண்டாஸ் தெரிந்தவர்களுக்கு:

```python
import numpy as np
import pandas as pd

df = pd.read_csv("income.csv")
df["inc"] = df["income"].replace(99999, np.nan)

q1 = df["inc"].quantile(0.25)
q3 = df["inc"].quantile(0.75)
k = (q3 / q1) ** 1.5

df["flag"] = (df["inc"] > q3 * k) | (df["inc"] < q1 / k)
```

எக்செல் போதும் என்பவர்கள் 99999 இருந்த கட்டத்தைக் காலியாக்கிவிட்டு `=QUARTILE.INC(C2:C27,1)`, `=QUARTILE.INC(C2:C27,3)` என்று போட்டால் அதே 15,000மும் 40,000மும் கிடைக்கும்.

கடைசி வரியில் `flag` என்று ஒரு அடையாளம் மட்டும்தான் வைத்திருக்கிறோம், எதையும் நீக்கவில்லை. வேலி என்பது "இவர்களைப் போய் விசாரி" என்று சொல்லும் பட்டியல், தீர்ப்பு அல்ல.

விசாரணை

இங்கேதான் நேரம் செலவாகும். ஆகட்டும், உண்மையான வேலையே இதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் படிவத்தில் உள்ள மற்ற பதில்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொழில், வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள், மாதச் செலவு, வாடகை. வருமானத்தில் மனிதர்கள் தயங்குவார்கள், மறப்பார்கள். செலவை அவ்வளவாக மறைக்க மாட்டார்கள். ஆகவே வருமானத்தையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் என் முதல் சோதனை.

2,40,000 வீட்டில் தொழில் ஆட்டோ ஓட்டுவது, இடம் வியாசர்பாடி, மாதச் செலவு 17,000. வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தால் சுத்தமாக 20,000 வருகிறது. இப்படிப் பன்னிரண்டால் வகுபட்டு, கிடைப்பது அக்கம்பக்கத்து வருமானத்தோடு பொருந்தினால், மாதக் கட்டத்தில் வருட வருமானம் எழுதப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் சந்தேகத்தை வைத்து மட்டும் திருத்தக் கூடாது. போன் போட்டுக் கேட்க வேண்டும்.

"அண்ணே, ரெண்டு நாப்பதுன்னு சொன்னது மாசத்துக்கா, வருஷத்துக்கா?"

"மாசத்துக்கு ரெண்டரை லட்சம் வந்தா நான் ஏன்பா ஆட்டோ ஓட்டுறேன்? வருஷத்துக்குத்தான். கேஸ், டியூ எல்லாம் போக மாசம் இருபது நிக்கும்."

திருத்தம்: 20,000. இதை நீக்கவில்லை, வெட்டவில்லை, அப்படியே விடவும் இல்லை. சரிசெய்தோம். நீக்குவதா, வெட்டுவதா, வைப்பதா என்ற மூன்று வழிகளுக்கும் முன்னால் இந்த நான்காவது வழி இருக்கிறது. புதிதாக வருபவர்கள் தாண்டிப்போவது இதைத்தான்.

1,200 என்றதும் தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு செய்பவர்களுக்கு ஒரு மணி அடிக்க வேண்டும். 2023இல் அரசின் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ஆக உயர்த்தப்பட்டது. படிவத்தைப் பார்த்தால் பதில் சொன்னவர் ஒரு பாட்டி. "உங்களுக்கு மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்டிருக்கிறார்கள், அவரும் தனக்கு வருவதைச் சொல்லியிருக்கிறார். அதே அடுப்பில் சாப்பிடும் பேரன் உணவு டெலிவரி வேலையில் 16,000 கொண்டுவருவது யாரும் கேட்காததால் பதிவாகவில்லை. கேட்டு உறுதிசெய்தபின் இந்த வீட்டின் வருமானம் 17,200. வருமானத் தரவின் கீழ்முனையில் உள்ள அபத்தங்களில் பல, வறுமையால் வந்தவை அல்ல, கேள்வி தனி ஆளை நோக்கிக் கேட்கப்பட்டதால் வந்தவை.

1,80,000 வீடு காய்கறிக் கடை. விடியற்காலையில் கோயம்பேட்டில் சரக்கு எடுத்துவந்து வில்லிவாக்கத்தில் விற்கிறார். செலவு 18,000 என்று எழுதியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறாயிரம் ரூபாய் வியாபாரம், முப்பது நாள். அப்படிப் பெருக்கினால் சரியாக 1,80,000. அவர் சொன்னது வரவு, வருமானம் இல்லை. சரக்கு விலை, வண்டி வாடகை, அழுகிப்போனது எல்லாம் கழித்து மிச்சம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். படிவத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போகவில்லை, இரண்டு முறை நேரில் போயும் ஆளைப் பிடிக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். "பத்து சதவீதம் லாபம் இருக்கும்" என்று நாமாக 18,000 போடுவது தரவைத் திருத்துவது ஆகாது, கதை எழுதுவது. இந்த மதிப்பை வெற்றிடம் ஆக்குகிறோம். இந்தப் பட்டியலில் நாம் நீக்கும் ஒரே அவுட்லையர் இதுதான். நீக்குவதற்குக் காரணம் எண் பெரிதாக இருப்பதல்ல. அது தவறு என்று தெரியும், சரியானது எது என்று தெரியாது, அதனால்தான்.

இதிலும் ஒரு விலை இருக்கிறது. வரவைச் சொல்பவர்கள் எப்போதும் கடைக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள். இப்படி ஒவ்வொருவராக வெற்றிடம் ஆக்கிக்கொண்டே போனால், கடைசியில் மாதச் சம்பளக்காரர்களின் ஊராகச் சென்னை மாறிவிடும். இருபத்தாறில் ஒன்று என்றால் பரவாயில்லை. சொந்தத் தொழில் வீடுகளில் ஐந்தில் ஒன்று இப்படிப் போகிறது என்றால் களத்துக்குத் திரும்பிப் போவதைத் தவிர வழியில்லை.

3,50,000 வீடு சோழிங்கநல்லூர் அடுக்ககம். கணவன், மனைவி இருவரும் மென்பொருள் வேலை, வீட்டுக்கடன் தவணை மட்டும் மாதம் 90,000. எல்லாப் பதில்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இது உண்மை. அப்படியே இருக்கட்டும்.

பூஜ்ஜியமும் உண்மைதான். கொத்தனார் வீடு. கணக்கெடுப்பு நடந்தது டிசம்பர் முதல் வாரம், கேள்வி கடந்த மாதம் பற்றியது. வடகிழக்குப் பருவமழையில் கட்டட வேலை நின்றுபோன நவம்பர் அது. கடன் வாங்கிச் செலவு செய்திருக்கிறார்கள், அதுவும் படிவத்தில் பதிவாகியிருக்கிறது. கடன் வருமானம் இல்லை என்பதால் பூஜ்ஜியம் சரி. அதே வீட்டை மே மாதத்தில் கேட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும். ஆனால் அது கேள்வியின் எல்லை, பதிலின் பிழை இல்லை. இதேபோல் தீபாவளி போனஸ் வந்த மாதத்தைக் கேட்டால் மேல்பக்கம் போலியான அவுட்லையர்கள் முளைக்கும். குறிப்பு மாதம் எது என்பதைத் தரவோடு சேர்த்தே பாருங்கள்.

கடைசியாக, வேலிக்குள்ளேயே இருந்த 1,10,000. திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டுக்குடும்பம், ஒன்பது பேர், நால்வர் சம்பாதிக்கிறார்கள். தலைக்கு 12,222 ரூபாய்தான். வீட்டு வருமானத்தை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்த பத்தி ஒன்றும் கையில் இருந்தால் இப்படிப்பட்ட வீடுகள் மேல் வீண் சந்தேகம் வராது.

இரண்டாம் சுற்று என்ற பொறி

திருத்தங்களுக்குப் பிறகு பதில் உள்ள வீடுகள் 24. சராசரி 40,342. இடைநிலை 21,000. "சரி, இன்னொரு முறை வேலி போட்டுப் பார்ப்போம்" என்று கை அரிக்கும். போட்டால் என்ன ஆகும் தெரியுமா? கால்மானங்கள் இப்போது 15,750, 31,250. மேல்வேலி சுமார் 87,300க்குச் சுருங்கிவிடும். முதல் சுற்றில் நிம்மதியாக இருந்த கூட்டுக்குடும்பம் இப்போது வேலிக்கு வெளியே நிற்கும். அதை நீக்கிவிட்டு மறுபடியும் போட்டால் வேலி இன்னும் நெருங்கும்.

விசாரிப்பதற்காக இன்னொரு சுற்றுப் போனால் தப்பில்லை, புதிதாக ஒரு வீட்டைப் பார்க்கச் சொல்லும், அவ்வளவுதான். நீக்குவதற்காகச் சுற்றிச் சுற்றிப் போனால், கடைசியில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு நகரம் கிடைக்கும். அப்படி ஓர் ஊர் எங்கும் கிடையாது.

உண்மையான பெரிய எண்ணை என்ன செய்வது

மிஞ்சியிருக்கும் கடினமான கேள்வி அந்த 3,50,000தான். பிழை இல்லை. ஆனால் 24 வீடுகளின் மொத்த வருமானத்தில் 36 சதவீதம் அந்த ஒரு வீட்டிலிருந்து வருகிறது. அதை வைத்தால் சராசரி 40,342. நீக்கினால் 26,878. இதற்குப் பொதுவான விடை கிடையாது, எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நடுத்தர வீட்டின் நிலை தெரிய வேண்டும் என்றால் இடைநிலை அளவைச் சொல்லுங்கள், 3,50,000ஐத் தொடவே தேவையில்லை. அது மூன்றரைக் கோடியாக இருந்தாலும் இடைநிலை அதே 21,000தான். என்னைக் கேட்டால் வீட்டு வருமானத்துக்கு இடைநிலையையே முதலில் எழுதுவேன், சராசரியைப் பக்கத்தில்.

ஒரு வரம்புக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணுவதாக இருந்தாலும் மேலே உள்ள பெரிய எண்கள் பிரச்சினை செய்யாது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2023இல் வைத்த குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம், மாதக் கணக்கில் சுமார் 20,833. திட்டத்தின் மற்ற நிபந்தனைகளை விட்டுவிட்டு இந்த வரம்பை மட்டும் பார்த்தால், திருத்துவதற்கு முன் அதற்குக் கீழே இருந்தவை 25இல் 11 வீடுகள். திருத்தியபின் 24இல் 12. மாறியதற்குக் காரணம் ஆட்டோக்காரர் வீடு, வரம்புக்குள் இருக்க வேண்டிய குடும்பத்தை ஒரு தவறான கட்டம் பணக்காரர் ஆக்கியிருந்தது. கடைக்காரர் வீடு வெற்றிடமானதால் மொத்த எண்ணிக்கையும் ஒன்று குறைந்தது. ஆனால் கொத்தனார் வீட்டின் பூஜ்ஜியத்தை இங்கே பன்னிரண்டால் பெருக்கி "ஆண்டு வருமானம் பூஜ்ஜியம்" என்று எழுதக் கூடாது. ஆண்டுக் கணக்குக்கு அந்த வீட்டில் ஆண்டு வருமானத்தைத் தனியாகக் கேட்க வேண்டும்.

வட்டாரவாரியாகச் சராசரி ஒப்பிட வேண்டும், அல்லது வருமானத்தை வைத்து வேறொன்றைக் கணிக்கும் சமன்பாடு போட வேண்டும் என்றால், ஒரே ஒரு வீடு முழு விடையையும் இழுத்துக்கொண்டு போகாமல் பார்க்க வேண்டியிருக்கும். சமன்பாட்டில் மடக்கை எடுத்தாலே பெரும்பாலும் போதும். அதற்கு மேலும் தேவைப்பட்டால் உச்சவரம்பில் வெட்டலாம். இதற்கு வின்சரைசிங் என்று பெயர். வீட்டை வெளியேற்றுவதில்லை, அதன் எண்ணை மட்டும் ஒரு வரம்புக்கு இறக்குகிறோம்.

```python
top = df["fixed"].quantile(0.95)
df["inc_cap"] = df["fixed"].clip(upper=top)
```

`fixed` என்பது திருத்தங்கள் முடிந்த பத்தி. வரிசையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தூரத்தில் நிற்கும் மதிப்புதான் 95ஆவது நூற்றுமானம். நம் தரவில் அது 1,02,500. வெட்டினால் சராசரி 29,717 ஆகிறது. கவனியுங்கள், கூட்டுக்குடும்பத்தின் 1,10,000மும் லேசாக வெட்டுப்பட்டது. 95 என்பது வேதவாக்கு இல்லை. 24 வீடுகளில் அந்த நூற்றுமானம் 60,000க்கும் 1,10,000க்கும் நடுவே எங்கோ தொங்கும் எண்தான். ஆயிரக்கணக்கான வீடுகள் இருந்தால் 99ஆவது நூற்றுமானத்தில் வெட்டினால் போதும். வெட்டும் முன்பு எந்த நூற்றுமானம் என்று முடிவுசெய்து எழுதிவையுங்கள். மூன்று நான்கு வரம்பு போட்டுப் பார்த்து, அழகான விடை எதில் வருகிறதோ அதைத் தேர்ந்தெடுப்பது ஏமாற்று வேலை.

ஏற்றத்தாழ்வை அளக்கப் போகிறீர்கள் என்றால், கினிக் குறியீடு போன்றவை, அப்போது வெட்டவும் கூடாது, நீக்கவும் கூடாது. எதை அளக்க வந்தோமோ அதையே வெட்டி எறிந்த மாதிரி ஆகிவிடும். மொத்த வருமானம் கணக்கிடுவதற்கும் இதே விதி. கணக்கெடுப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் எடை கொடுத்திருந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் எடையால் பெருக்கிப் பாருங்கள். ஒரு வீடு ஐயாயிரம் வீடுகளுக்குப் பிரதிநிதி என்றால், சாதாரண 60,000கூட 3,50,000ஐவிடப் பெரிய பாதிப்பைச் செய்யலாம்.

குறிப்பேடு

இவ்வளவு விசாரணையும் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால், ஆறு மாதம் கழித்து நீங்களே நம்ப மாட்டீர்கள். மாற்றிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி போதும். வீட்டு எண், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம், யார் உறுதிசெய்தார்கள், என்றைக்கு. நம் கதையில் அது நான்கே வரிகள்: மறுப்புக் குறியீடு வெற்றிடமானது, பாட்டி வீடு 17,200 ஆனது, கடைக்காரர் வெற்றிடமானது, ஆட்டோ வீடு 20,000 ஆனது. விசாரித்தபின் மாற்றாமல் விட்ட 0, 3,50,000 இரண்டையும் "பார்த்தாயிற்று, சரி" என்று சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்து வருபவர் அதே வீட்டுக்கு மறுபடியும் போன் செய்வார், களப்பணி அக்கா திட்டுவார்.

அறிக்கையில் "26 வீடுகளில் 24இன் வருமானம் கிடைத்தது, ஒருவர் மறுத்தார், ஒருவரின் பதிலை உறுதிசெய்ய முடியவில்லை, இரண்டு பதில்கள் மறுபடி கேட்டுத் திருத்தப்பட்டன" என்று ஒரு வாக்கியம். வெட்டியிருந்தால், வெட்டாத சராசரி 40,342, வெட்டியது 29,717 என்று இரண்டையும் போடுங்கள்.

அப்புறம், அடுத்த கணக்கெடுப்புக்குப் படிவம் அச்சுக்குப் போகும்முன் அதில் மூன்று கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். சொன்ன எண் மாதத்துக்கா வருடத்துக்கா, செலவு கழிப்பதற்கு முன்னா பின்னா, யாருடைய வருமானமெல்லாம் இதில் சேர்ந்திருக்கிறது. நம் பட்டியலில் தவறாக வந்த மூன்று எண்களும் இந்த மூன்று கட்டங்கள் இல்லாததால் வந்தவைதான்.